சக்கரமா, ஏலமா, வளையமா? ஒன்பது பேர் வீட்டில் வேலையைப் பிரிக்க நாங்கள் முயன்ற நான்கு வழிகள்

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். மாமாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. அத்தைக்கு 69. என் கணவரின் அண்ணன், அவர் மனைவி (எனக்கு அக்கா), நாங்கள் இருவர். அக்காவின் மகள் பெரியவளுக்கு 15, மகன் சின்னவனுக்கு 11. என் பையனுக்கு 6. கணவரின் அண்ணனை என் பையன் வாய்வழியாக நானும் பெரியப்பா என்றே சொல்லிப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

வேலையைப் பங்கு போட வேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். யாராவது காய்ச்சலில் படுத்தால் ஒன்று, யாராவது கோபத்தில் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தால் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவோம். மூன்றாவது வாரம் அது அங்கேயே இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். இந்த முறை பட்டியலுக்கு முன்னால் ஒரு வாரம் அளந்து பார்த்தோம். கீழே சொல்வதெல்லாம் அந்த அளவிலிருந்துதான் தொடங்குகிறது. அது இல்லாமல் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் குருட்டாம்போக்குதான்.

அளப்பதற்கு முன் ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில், ‘வீட்டு வேலையில் நான் எத்தனை சதவீதம் செய்கிறேன்’ என்று மற்றவருக்குக் காட்டாமல் எழுதச் சொன்னேன். நான் 45 என்று எழுதினேன். அக்கா 40, அத்தை 35, என் கணவர் 20, பெரியப்பா 15, மாமா 10, பெரியவள் 10, சின்னவன் 5. கூட்டினால் 180. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் கணவன் மனைவியரிடம் இதே கேள்வியைக் கேட்டபோதும் பெரும்பாலான ஜோடிகளின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டியது. பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. நாம் செய்தது நமக்கு நினைவிருக்கிறது, அடுத்தவர் செய்தது நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஏழு நாள் சமையலறைச் சுவரில் ஒரு தாள். வேலை முடித்தவர் பெயரும் நிமிடமும் எழுத வேண்டும். வாரக் கடைசியில் மொத்தம் 52 மணி நேரம் வந்தது. சமையல் மட்டும் 21 மணி, நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஒன்றரை மணி. பாத்திரம் 7. துணி துவைத்து, உலர்த்தி, மடிப்பது 5. கூட்டித் துடைப்பது 5. என் பையனைக் கிளப்புவது, வீட்டுப்பாடம் 5. கடையும் பில் கட்டுவதும் 3. கழிவறை, குளியலறை 2. குப்பையும் செடியும் 2. மருந்து பார்த்து எடுத்து வைப்பது 2.

யார் எவ்வளவு செய்தோம்? நான் 19 மணி, அக்கா 17, அத்தை 9. பெரியப்பா, என் கணவர், மாமா மூவரும் ஆளுக்கு 2. பெரியவள் 1. சின்னவன் பூஜ்யம். 45 சதவீதம் என்று எழுதிய நான் செய்தது 37 சதவீதம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 20 என்று எழுதிய என் கணவர் செய்தது 4.

இனி முறைகளுக்கு வருவோம்.

அவரவர் வேலை அவரவருக்கு

எந்தப் பட்டியலும் போடாமல் விட்டால் வீடு தானாகப் போய்ச் சேரும் இடம் இது. சமையல் எனக்கும் அக்காவுக்கும், மருந்து அத்தைக்கு, பில் பெரியப்பாவுக்கு. இதில் ஒரு நல்லது இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வேலை கை பழகிவிடுகிறது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பேச்சு குறைவு, சண்டை குறைவு.

கோளாறு எங்கே என்றால், வேலைகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று நேரம் தவறக் கூடாதது. பசிக்கும் நேரத்தில் சாப்பாடு இருக்க வேண்டும், பள்ளி வண்டி வரும்போது பையன் கிளம்பியிருக்க வேண்டும். இன்னொன்று நாளைக்குத் தள்ளினாலும் யாரும் அழாதது. பில் கட்டுவது, பல்பு மாற்றுவது, பரண் ஒதுக்குவது. அவரவர் வேலை என்று விட்டுவிட்ட வீடுகளில் முதல் ஜாதி சிலர் தலையிலும் இரண்டாவது ஜாதி வேறு சிலர் தலையிலும் உறைந்துபோகிறது. மணிக்கணக்கில் சமமாக வந்தால்கூட இது சமமில்லை. முதலாமவருக்கு மாலை ஆறு மணிக்கு வெளியே போகும் சுதந்திரம் கிடையாது. இரண்டாமவருக்கு உண்டு.

இன்னொரு கோளாறு, ஆள் இல்லாத நாள். போன வருஷம் அத்தை பத்து நாள் படுக்கையில் இருந்தபோது மாமாவின் இரவு மாத்திரை எது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. படுத்திருந்தவரை எழுப்பித்தான் கேட்டோம்.

சக்கரம்

குழந்தைகளுக்குப் பிடித்தது இதுதான். அட்டையில் வட்டம் வெட்டி, வெளிவட்டத்தில் வேலைகள், உள்வட்டத்தில் பெயர்கள். ஞாயிறு இரவு ஒரு கட்டம் திருப்பினால் எல்லோருக்கும் புது வேலை. என் பையனை விட்டுவிட்டால் எட்டுப் பேர். கடையையும் மருந்தையும் ஒன்றாக்கி எட்டு வேலை. எட்டு வாரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் செய்து முடித்திருப்போம். கேட்பதற்கு இதைவிட நியாயம் ஏது?

முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஒரு கட்டத்தில் 21 மணி நேர வேலை, பக்கத்துக் கட்டத்தில் 2 மணி நேர வேலை. சமையலை ஏழாக உடைத்துக் கட்டங்களைப் பெருக்கினோம், அது சரியானது. ஆனால் மூன்றாவது வாரம் மாமாவுக்குக் குளியலறை வந்தது. ஈரத் தரை, குனிய வேண்டும், முழங்கால் மடங்காது. பட்டியலில் மாமா பெயர், தேய்த்தது அத்தை. அடுத்த வாரம் சின்னவனுக்குக் காலைச் சமையல். பட்டியலில் அவன் பெயர், அடுப்படியில் அக்கா. ஐந்தாவது வாரம் பெரியப்பாவுக்குத் துணி. அவர் இரவு ஒன்பதுக்கு வீடு வருகிறவர், அதற்குள் வெயிலில் காய்ந்த துணியை எடுத்து மடித்து முடித்திருந்தது நான்.

சக்கரம் தோற்பதற்கான அடையாளம் இதுதான். தாளில் உள்ள பெயரும் ஈரக் கையும் ஒரே ஆளுடையதா என்று பாருங்கள். இல்லையென்றால், சக்கரம் பழைய ஏற்பாட்டையே மறைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. இது பழைய நிலைமையைவிட மோசம், ஏனென்றால் இப்போது தாளில் சமம் என்று எழுதியிருக்கிறது, முறையிடவும் முடியாது.

ஒன்று சொல்ல வேண்டும். நான்கைந்து பேர், எல்லோரும் உடல் தெம்புள்ளவர்கள், ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வீடு திரும்புகிறவர்கள் என்றால் சக்கரமே போதும். அந்த வீட்டுக்கு மேற்கொண்டு கணக்குப் போடுவது வெட்டி வேலை. வயதும் உடம்பும் நேரமும் வெவ்வேறாக இருக்கும் வீட்டில்தான் அது சறுக்குகிறது.

ஏலம்

இது என் கணவரின் யோசனை. ஒவ்வொரு வேலைக்கும் 10 புள்ளி. பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காத வேலைக்குத் தினமும் 5 புள்ளி ஏறும். நிறையப் பேர் கேட்கும் வேலைக்கு இறங்கும். வாரம் ஆளுக்கு இத்தனை புள்ளி சேர்க்க வேண்டும், பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் குறைவு.

முதல் நான்கு நாள் பிரமாதமாகப் போனது. கழிவறை 25 புள்ளிக்கு ஏறியதும் பெரியப்பா எடுத்துக்கொண்டார். ‘இதுல என்னம்மா கஷ்டம், இருபது நிமிஷம், யாரும் பேச வரமாட்டாங்க’ என்றார். இருபது வருஷமாக அந்த வேலையை அருவருப்போடு செய்துவந்த அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். துணி மடிப்பது 5 புள்ளிக்கு இறங்கியது. மாமாவுக்கும் பெரியவளுக்கும் அது பிடித்த வேலை என்று அன்றுதான் தெரிந்தது. ஒரே வேலை ஆளுக்கு ஆள் வேறு வேறு கனம். இந்த ஒரு விஷயத்தை வேறு எந்த முறையும் எங்களுக்குக் காட்டவில்லை.

இரண்டாவது வாரம் கவிழ்ந்தது. சின்னவன் தண்ணீர் பாட்டில் நிரப்பும் வேலையைப் பதினோரு தடவை செய்து புள்ளியை முடித்துவிட்டான். வீட்டில் நிரம்பாத பாட்டிலே இல்லை. வியாழக்கிழமை இரவு தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கும்போது என் கணவர், ‘எனக்கு இந்த வாரப் புள்ளி முடிஞ்சிடுச்சு’ என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். விதிப்படி அவர் சொன்னது சரி. மாமா அடுத்த நாள் காலை, ‘எழுபது வயசுக்கு மேல மார்க் வாங்கணுமா?’ என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் அன்று துணி மடிக்க வரவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை சமையலில். ஏலம் என்றால் விலை ஏறும்வரை காத்திருக்கலாம் என்றுதானே அர்த்தம்? இரவு ஏழரைக்குக் குழந்தைகளுக்குப் பசிக்கும். அடுப்பு பற்றவில்லையே என்று யாருக்கு முதலில் மனம் பொறுக்கவில்லையோ அவர் அடிப்படை விலைக்கே எழுந்து போய்விடுவார். நான்கு நாளும் எழுந்தது நான்தான். காத்திருக்கும் போட்டியில் பொறுப்பு அதிகம் உள்ளவர்தான் தோற்பார். நேரம் தவறக் கூடாத வேலையை ஏலத்தில் விடவே கூடாது என்பது எங்களுக்குப் பட்டுத் தெரிந்த பாடம்.

ஆனாலும் விலை கேட்கும் பகுதியை மட்டும் நாங்கள் தூக்கிப் போடவில்லை. அதை ஒரே ஒரு தடவை, மூடிய சீட்டில் செய்தோம். ஒவ்வொருவரும் ஒன்பது வகை வேலைகளுக்கும் சேர்த்து 100 புள்ளியைப் பிரித்துப் போட வேண்டும். எது அதிகம் பிடிக்கவில்லையோ அதற்கு அதிகம். பெரியப்பா கழிவறைக்கு 6, பில் வேலைக்கு 20 போட்டிருந்தார். நான் கழிவறைக்கு 24, பில்லுக்கு 5. இருபது வருஷமாக அவர் பில் கட்டுகிறார், நான் அந்தப் பக்கமே போனதில்லை. இருவரும் ஒரு மணி நேரம்கூடக் கூட்டிச் செய்யாமல், இடம் மாற்றிக்கொண்டாலே இருவருக்கும் சுமை குறைகிறது. மூடிய சீட்டு என்பது முக்கியம். பக்கத்தில் இருப்பவர் போட்டதைப் பார்த்தால் மருமகள்கள் நாங்கள் அத்தை முகம் பார்த்து எண்ணை மாற்றிவிடுவோம்.

வளையம்

கடைசியில் நாங்கள் எடுத்தது இது. எல்லோரும் எல்லா வேலையையும் சுற்றி வருவதில்லை. யார் யார் ஒரு வேலையைப் பத்திரமாகச் செய்ய முடியுமோ அவர்களுக்குள் மட்டும் அது சுற்றும். அடுப்பு வளையத்தில் நாங்கள் நான்கு பேரும் அத்தையும். ஈர வளையத்தில் (குளியலறை, பாத்திரம், தரை) நாங்கள் நால்வரும் பிள்ளைகள் இருவரும், அதிலும் கழிவறை திராவகம் உள்ள வேலை என்பதால் பிள்ளைகளுக்கு இல்லை. உட்கார்ந்து செய்யும் வளையத்தில் மாமா, அத்தை, பெரியவள், நான். மடிப்பது, தொலைபேசியில் பேசி முடிக்க வேண்டிய பில் விவகாரங்கள், வீட்டுப்பாடம். ஒருவர் இரண்டு மூன்று வளையத்தில் இருக்கலாம்.

வளையம் யாருக்கு எந்த வேலை என்பதைத் தீர்க்கிறது. எவ்வளவு என்பது தனிக் கேள்வி, சண்டையெல்லாம் அங்கேதான். 52 மணியை எட்டால் வகுத்தால் ஆளுக்கு ஆறரை மணி. 11 வயதுப் பையனுக்கும் 74 வயதுக்காரருக்கும் எனக்கும் ஒரே ஆறரையா? வயதை வைத்துப் போட்டால் ‘பெரியவர்களுக்கு வேண்டாம்’ என்று முடியும். சம்பளத்தை வைத்துப் போட்டால் சம்பாதிக்கிறவர் தப்பித்துவிடுவார்.

நாங்கள் வைத்த அளவுகோல் மிச்ச நேரம். தூக்கம், வெளிவேலை அல்லது பள்ளி, போய்வரும் நேரம், பரீட்சைப் படிப்பு எல்லாம் கழித்து, உடம்பு தாங்கும் அளவைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் இத்தனை பங்கு என்று எழுதினோம். தினமும் போய்வரவே மூன்று மணி நேரம் செலவழிக்கும் பெரியப்பாவுக்கு 3. அக்காவுக்கும் என் கணவருக்கும் 4. வீட்டிலிருந்தபடியே பாதி நேர வேலை பார்க்கும் எனக்கு 5. அத்தைக்கு 3, மாமாவுக்கு 2, பெரியவளுக்கு 3, சின்னவனுக்கு 2. மொத்தம் 26 பங்கு. 52 மணியை 26-ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கு 2 மணி நேரம்.

என் 5 என்ற எண்ணுக்குத்தான் அரை மணி நேர வாக்குவாதம். ‘நீ வீட்டிலதானே இருக்கே’ என்று 8 போடச் சொன்னார்கள். வீட்டில் இருப்பது ஓய்வில் இருப்பதாகாது. என் கணினி வேலை நேரத்தை மற்றவர்களின் அலுவலக நேரம்போலவே கழித்துக் காட்டியதும் 5-க்கு வந்தது. உங்கள் வீட்டில் இதைச் செய்தால், வீட்டிலேயே இருப்பவரின் எண்ணை அவரே முதலில் எழுதட்டும்.

| | அளந்த வாரம் (மணி) | பங்கு (மணி) |
|---|---|---|
| நான் | 19 | 10 |
| அக்கா | 17 | 8 |
| அத்தை | 9 | 6 |
| என் கணவர் | 2 | 8 |
| பெரியப்பா | 2 | 6 |
| மாமா | 2 | 4 |
| பெரியவள் | 1 | 6 |
| சின்னவன் | 0 | 4 |

என் பையனுக்குப் பங்கு பூஜ்யம். ஆறு வயதில் அவன் ‘உதவி’ செய்தால் எங்களில் ஒருவருக்கு நேரம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அதனால் அவன் செய்வது கணக்கில் வராது, ஆனால் தினமும் யாரோ ஒருவரோடு பத்து நிமிஷம் நிற்பான். அவனோடு நிற்கும் பத்து நிமிஷம் அந்தப் பெரியவர் கணக்கில் சேரும்.

இந்த மணிகளை வேலையாக மாற்றினோம். வாரத்தின் 14 வேளைச் சமையலில் நான் 4, அக்கா 3, என் கணவர் 3, பெரியப்பா 2 (விடுமுறை நாட்களில்), அத்தை 2. பாத்திரம் 14 தடவை, அதில் பெரியவள் 5, என் கணவர், பெரியப்பா, சின்னவன் மூவரும் ஆளுக்கு 3. பெரியப்பா மாதத்தில் இரண்டு வாரம் கழிவறையை எடுத்துக்கொண்டார், என் முறையும் சேர்த்து. அவருடைய பில் வேலையில் வாரம் அரை மணி எனக்கு வந்தது.

சமையல் வேளைகளை நானும் அக்காவும் பிரித்துக்கொண்ட விதம் எனக்குப் பிடித்தது. எந்தெந்த நாள், காலையா இரவா என்பதில் வழக்கமாக மனஸ்தாபம் வரும். எங்கள் இருவருக்கும் சேர்த்து வந்த ஏழு வேளைகளை அக்கா இரண்டு குவியலாகப் பிரித்தார், ஒன்று நான்கு வேளை, ஒன்று மூன்று. நாலு வேளைக் குவியல் எனக்கு என்று முன்னமே முடிவாகியிருந்தால் அவர் கஷ்டமான காலைகளை எல்லாம் அதில் தள்ளியிருக்கலாம். அதனால் எதை எடுப்பது என்பதை என்னிடம் விட்டார். மூன்று வேளைக் குவியலில் மூன்றுமே திங்கள், செவ்வாய், புதன் காலை. நான்கு வேளைக் குவியலில் எல்லாம் இரவு. யோசித்து நான்கையே எடுத்தேன். நானாக எடுத்ததால் குறை சொல்ல வாயில்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, சக்கரம் இதைக் கவனிப்பதே இல்லை. ஒப்படைக்கச் சுலபமான வேலையை அடிக்கடி மாற்றலாம். பாத்திரத்தில் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை, அது தினமும் மாறலாம். கழிவறை வாரம் ஒருவர். பில் கட்டுவதில் எந்தத் தேதி, எந்தக் கடவுச்சொல், எங்கே ரசீது என்று ஆயிரம் இருக்கிறது, அதை வாரம் மாற்றினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருவர் என்று வைத்தோம். மாறும் வாரத்தில் பழையவரும் புதியவரும் சேர்ந்து செய்ய வேண்டும். மருந்து விஷயமும் அப்படித்தான். பொறுப்பு அத்தையிடமே இருக்கிறது, பெரியவள் வாரம் அரை மணி கூட உட்கார்ந்து டப்பாவில் அடுக்குவதைப் பார்த்து எழுதி வைக்கிறாள். இனி அத்தை படுத்தாலும் எழுப்பிக் கேட்க வேண்டாம்.

வளையம் சறுக்கிய இடங்கள்

முதல் செவ்வாய்க்கிழமை இரவு. என் கணவர் முறை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘என்ன பண்ணலாம்?’ என்றார். சொன்னேன். ‘அது எங்க இருக்கு?’ சொன்னேன். ‘இது போதுமா, வாங்கணுமா?’ மூன்றாவது கேள்வியில் மடிக்கணினியை மூடிவிட்டேன். அவர் ஒன்றரை மணி நேரம் நின்றது உண்மை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் நானும் அடுப்படியில்தான் இருந்தேன், உடம்பு மட்டும் அடுத்த அறையில்.

ஆலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-ல் எழுதிய ஆய்வில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலையை நான்காகப் பிரிக்கிறார். என்ன தேவைப்படும் என்று முன்கூட்டி உணர்வது, என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. எங்கள் பட்டியலில் கை செய்யும் வேலை மட்டும் இருந்தது, இந்த நாலும் இல்லை. அதனால் விதியைத் திருத்தினோம். சமையல் முறை முந்தைய நாள் இரவு தொடங்குகிறது. என்ன செய்வது என்று முடிவு செய்து, இருப்பைப் பார்த்து, இல்லாததைக் கடைச் சீட்டில் எழுதுவதும் அந்த முறைக்காரர் பொறுப்பு. இன்னொருவரைக் கேட்கலாம், முறை தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி. முதல் மாதம் இரண்டு இரவு சாப்பாடு சுமாராகத்தான் இருந்தது. யாரும் எழுந்து போய்ச் சரிசெய்யக் கூடாது என்று நானும் அக்காவும் எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது சறுக்கல் அத்தை. 9 மணியிலிருந்து 6 ஆகக் குறைத்தோம், சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘என்னை ஒதுக்கிட்டீங்க’ என்று பெரியவளிடம் சொன்னாராம். நாற்பது வருஷம் அவர் கையில் இருந்த அடுப்படியில், எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர், இப்போது இரண்டு வேளைக்காரர் ஆகிவிட்டார். பெரியவர்களுக்கு வேலையைக் குறைக்கும்போது அதிகாரத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறோம், இது எங்களுக்கு உறைக்கவே இல்லை. மணியைக் கூட்டாமல் வழி பார்த்தோம். அவருடைய இரண்டு வேளைகளை வாரத்தில் எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளுக்கு மாற்றினோம், அன்றைக்கு என்ன என்பதும் யார் கூட நின்று நறுக்குவது என்பதும் அவர் சொல்தான். பாத்திர அலமாரி அடுக்கும் முறையும் அவர் வைத்ததுதான், மற்றவர்கள் மாற்றக் கூடாது.

மாமா விஷயம் வேறு. அவருக்கு நல்ல நாள், வலி நாள் என்று இரண்டு உண்டு, எது எப்போது என்று முன்னால் தெரியாது. அதனால் அவர் வேலை எதுவும் நேரக் கெடு உள்ளதாக இருக்கக் கூடாது. துணி மடிப்பது வாரம் ஒன்றரை மணி, எந்த நாளில் வேண்டுமானாலும். கூடையை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மேஜை உயரத்தில் வைப்பது சின்னவன் வேலை. வலி நாளில் காரணம் சொல்ல வேண்டாம், கூடையைத் திருப்பி வைத்தால் போதும். இதற்குப் பிறகு மாமா மார்க் பேச்சு எடுக்கவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பெரியவள் பெண், சின்னவன் பையன். இரண்டாவது மாதம் கவனித்தால் சின்னவன் விட்ட பாத்திரத்தை அவள்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள், யாரும் சொல்லாமலே. பரீட்சை வாரத்தில் யாராவது முறையை மாற்றினால் இரண்டு வாரத்துக்குள் அதே அளவு நேரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அவள் கணக்கில் அவனுக்கு மூன்று மணி நேரக் கடன் ஏறியிருந்தது. பெரியப்பா அவனை உட்கார வைத்துத் தேதி போட்டுத் திருப்பித் தர வைத்தார். இன்னொன்று, இந்த வேலைக்குக் காசு கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். காசு வந்தால் ‘எனக்கு இந்த வாரம் காசு வேண்டாம்’ என்ற பதிலும் வரும், ஏலத்தில் பார்த்த அதே வியாழக்கிழமை.

எங்கே நிற்கிறோம்

மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு வாரம் சுவரில் தாள் ஒட்டி அளந்தோம். நான் 12, அக்கா 10, அத்தை 7, என் கணவர் 7, பெரியவள் 5, பெரியப்பா 4, மாமா 4, சின்னவன் 3. சரியாக எழுதிய பங்குக்கு வந்தவர் மாமா ஒருவர்தான். ஆனால் 19-லிருந்து 12-க்கு வந்ததில் எனக்கு வாரம் ஏழு மணி நேரம் கையில் கிடைத்தது, அது என்னவென்று எனக்குத்தான் தெரியும்.

குறை இரண்டு மணி உள்ள பெரியப்பாவின் இடத்தில்தான் இப்போது பேச்சு நடக்கிறது. இரவு தாமதமாக வருவதால் பாத்திர முறை இரண்டு அவருக்கு நிற்கவில்லை. அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, கழிவறையை மாதம் நான்கு வாரமும் அவருக்கே தரலாமா என்று அக்கா கேட்கிறார். கூடவே விடுமுறை நாளில் துணி துவைத்து உலர்த்துவதும். அவருக்குச் சம்மதம். எனக்குத்தான் கொஞ்சம் தயக்கம், கழிவறை மறுபடி ஒருவர் தலையில் உறைந்துவிடுமே என்று. ஆறு மாதத்துக்கு மட்டும், தேதியைத் தாளிலேயே எழுதிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.